சான்றிதழ் குதிரைக்கா, துளையிட்ட இடத்துக்கா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். பழம்பொருள் சேகரிப்பில் ஆர்வம் உண்டு. சென்ற ஆண்டு ஒரு வியாபாரியிடம் சீனாவின் தாங் காலத்துச் சுடுமண் குதிரை ஒன்று வாங்கினேன். 'கடைசியாகச் சுடப்பட்டது 1000 முதல் 1600 ஆண்டுகளுக்கு முன்' என்று தெர்மோலூமினசென்ஸ் சான்றிதழ் கொடுத்தார். இப்போது அவரே ஓர் அம்மன் வெண்கலச் சிலையைக் காட்டி, சோழர் காலம் என்கிறார். எக்ஸ்ரே கருவியில் பார்த்த தாளும் தந்திருக்கிறார்: செம்பு 74, துத்தநாகம் 11, ஈயம் 8, வெள்ளீயம் 5 சதவீதம். இந்தத் தாள்களை நம்பலாமா? சிலைக்கும் தெர்மோலூமினசென்ஸ் எடுத்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் அல்லவா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிலைக்குத் தெர்மோலூமினசென்ஸ் எடுக்க, பெரும்பாலும் வழியே இருக்காது. ஏன் என்பதைச் சொல்லக் குதிரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

களிமண்ணில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை மிகச் சிறிய அளவில் எப்போதும் உண்டு. அவற்றிலிருந்து வரும் கதிர்வீச்சு, அதே மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மணிகளில் ஆண்டுதோறும் கொஞ்சம் ஆற்றலைச் சேர்த்துவைக்கிறது. சூளையில் வேகும்போது அதுவரை சேர்ந்ததெல்லாம் வெளியேறிவிடும். கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும். பிறகு சேர்ந்ததை ஆய்வகத்தில் மறுபடி சூடாக்கினால், அது மிக மங்கலான ஒளியாக வெளிவரும். ஒளி எவ்வளவு என்று அளந்து, சுட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடுகிறார்கள்.

உங்கள் குதிரைக்கு இது எப்படி நடந்திருக்கும் என்று பாருங்கள். மெருகு இல்லாத மறைவான இடத்தில், பொதுவாக வயிற்றின் அடியிலோ பீடத்தின் கீழோ, மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் சிறு துளைபோடுவார்கள். வெளிச்சம் பட்டால் சேர்ந்த ஆற்றல் கொஞ்சம் கரையும் என்பதால்தான் சிவப்பு விளக்கு. வெளிப்பரப்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூளை ஒதுக்கிவிட்டு, அதற்கும் உள்ளே இருப்பதை மட்டும் எடுப்பார்கள். துளைக்கருவி வேகமாகச் சுழன்றால் சூடேறி, அளக்க வேண்டியதையே அழித்துவிடும். அதனால் மெல்லச் சுற்றுவார்கள். தேவைப்படுவது சில பத்து மில்லிகிராம் தூள்தான். அதிலிருந்து 1 முதல் 8 மைக்ரான் வரையுள்ள நுண்மணிகளைப் பிரித்து, சின்ன அலுமினியத் தட்டுகளில் படியவைத்து, நைட்ரஜன் வாயுவில் 500 டிகிரி வரை சூடாக்கி ஒளியை அளப்பார்கள். பிறகு அதே தூளுக்குத் தெரிந்த அளவு கதிர்வீச்சைக் கொடுத்து மீண்டும் சூடாக்குவார்கள். இரண்டையும் ஒப்பிட்டால், இத்தனை காலத்தில் குதிரை எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கிறது என்பது கிடைத்துவிடும்.

கிரே என்பது பொருள் வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு. அந்த அளவு 5 கிரே என்று வைத்துக்கொள்வோம். அந்த மண் ஆண்டுக்கு 4 மில்லிகிரே வாங்குகிறது என்று கணக்கிட்டால், 5ஐ 0.004ஆல் வகுக்க 1250 ஆண்டுகள் வரும். சிக்கல் அந்த 4இல்தான். அகழாய்வில் எடுத்த ஓடு என்றால், அது கிடந்த மண்ணையும் எடுத்துவந்து அதன் கதிர்வீச்சையும் ஈரத்தையும் அளக்கலாம். கடையில் வாங்கிய குதிரை எந்தக் கல்லறையில், எவ்வளவு ஈரத்தில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? உத்தேசமாக ஒரு மதிப்பு போடுவார்கள். அதனால் விடையில் 20, 30 சதவீதம் முன்பின் இருக்கும். உங்கள் சான்றிதழின் 1000 முதல் 1600 வரை என்ற வீச்சு இப்படி வந்ததுதான். அதை ஆண்டாக மாற்றினால் கி.பி. 425 முதல் 1025 வரை. தாங் அரசு இருந்தது 618 முதல் 907 வரை. அதற்கு முன்னும் பின்னும் வந்த பல அரசுகளும் அந்த வீச்சுக்குள் அடங்கும். 'தாங்' என்ற தீர்ப்பு குதிரையின் உருவம், மெருகு, சேணம் இவற்றைப் பார்த்து ஒருவர் சொன்னது. ஆய்வகம் சொன்னது 'நேற்றுச் சுட்டதில்லை' என்பது மட்டும்தான். போலியைப் பிரிக்க அதுவே போதும் என்பதால்தான் இந்தச் சோதனைக்கு இவ்வளவு மதிப்பு.

அந்த மதிப்பு வந்த கதையும் உண்டு. துருக்கியில் ஹஜிலார் என்ற இடத்தின் புதிய கற்கால மண்பாண்டங்களும் பெண் உருவங்களும் 1960களில் சந்தையில் மலிந்து கிடந்தன; பெரிய அருங்காட்சியகங்களும் வாங்கின. ஆக்ஸ்போர்டு ஆய்வகம் அந்த வகையில் 66 பொருட்களை எடுத்துச் சோதித்து, 1971இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 48 அண்மையில் சுட்டவை. பாணியில் குறை காண முடியாதவர்கள்கூட, ஒளியே வராத தூளுக்கு முன்னால் வாதாட முடியவில்லை.

போலி செய்பவர்களும் அந்த முடிவைப் படித்தார்கள். இன்று உங்கள் குதிரையைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி, துளை எங்கே போட்டார்கள் என்பது. ஆய்வகம் சோதித்தது குதிரையை அன்று. துளையிட்ட இடத்திலிருந்து வந்த சிட்டிகைத் தூளை. கல்லறைகளில் உடைந்த பழைய கால்களும் பீடங்களும் வேண்டிய அளவு கிடைக்கின்றன. அவற்றின்மேல் புது உடலும் தலையும் வைத்து ஒட்டி, மண்பூசி மறைத்தால், அடியில் எடுத்த தூள் 1200 ஆண்டு காட்டத்தான் செய்யும். பழைய கல்லறைச் செங்கலைக் குடைந்தே சிறு உருவங்கள் செய்கிறார்கள். செங்கலைப் பொடித்துப் பிசினில் குழைத்து அச்சில் அழுத்தியும் செய்கிறார்கள்; அதை மறுபடி சுடுவதில்லை, ஆகவே பழைய செங்கல்லின் வயது அப்படியே நிற்கும். அனுபவமுள்ளவர் துளைபோடும்போதே இதைக் கண்டுபிடித்துவிடுவார். சுட்ட மண் உதிரும் விதம் வேறு, பிசின் கலந்தது இழுபட்டு வரும் விதம் வேறு. சூடுபட்டால் பிசின் வாடையும் வரும்.

சான்றிதழில் துளைகளைக் குறித்த புகைப்படம் இருக்கிறதா என்று பாருங்கள். படமே இல்லாத சான்றிதழ் எந்தக் குதிரைக்கும் பொருந்தும். படம் இருந்தால், அதில் காட்டிய துளை உங்கள் குதிரையில் அதே இடத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பிறகு சான்றிதழ் எண்ணையும் உங்கள் குதிரையின் படங்களையும் ஆய்வகத்துக்கே அனுப்பிக் கேளுங்கள். வியாபாரி மூலமாக வேண்டாம். ஒரே துளைதான், அதுவும் பீடத்தில் என்றால், அந்தச் சான்றிதழ் பீடத்துக்குத்தான். உடலிலும் கழுத்திலும் தனித்தனியே தூள் எடுத்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு சிடி ஸ்கேன் எடுத்தால், ஒட்டிய இடங்களும் உள்ளே செருகிய கம்பிகளும் தெரிந்துவிடும். எங்கே துளைபோடலாம் என்பதும் முடிவாகும். ஸ்கேன் எடுத்ததை ஆய்வகத்திடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஸ்கேனின் எக்ஸ்ரேயும் கதிர்வீச்சுதான். 50 மில்லிகிரே போல ஏறினாலும் நம் கணக்கில் அது பன்னிரண்டரை ஆண்டுதான். ஆயிரம் ஆண்டுப் பொருளில் பொருட்டில்லை. பழுது கண்டறியத் தொழிற்சாலைகளில் பயன்படும் வலுவான காமாக் கதிர்ப் படம் என்றால் கதையே மாறிவிடும்.

அந்தக் காமாக் கதிரைக் கொண்டு ஏமாற்றவும் முடியும். 5 கிரே கொடுக்க, வலுவான கதிர்மூலம் கையில் இருந்தால், சில நிமிடங்கள் போதும். ஆனால் அப்படி ஏற்றியதில் தடயம் இருக்கும். குறைந்த வெப்பத்திலேயே வெளிவரும் ஒளி, நூற்றாண்டுகளில் தானே கரைந்துபோயிருக்க வேண்டியது. அண்மையில் கதிர் ஏற்றிய பொருளில் அது கரையாமல் நிற்கும். இன்னொன்று, மண்ணுக்குள்ளிருந்து வரும் ஆல்ஃபாக் கதிர் நுண்மணிகளை எட்டும். பெரிய குவார்ட்ஸ் மணியின் நடுப்பகுதியை எட்டாது. ஆகவே இயல்பாக வயதான பொருளில் நுண்மணி வாங்கியதும் பெருமணி வாங்கியதும் வேறுபடும். வெளியிலிருந்து காமாக் கதிர் ஏற்றினால் இரண்டும் சமமாக வாங்கும். இதைத் தேடிப் பார்க்கச் சொன்னால்தான் பார்ப்பார்கள்; சாதாரணச் சான்றிதழுக்கு இவ்வளவு செய்வதில்லை.

இனி அம்மனுக்கு வருவோம்.

உலோகம் இப்படி ஆற்றலைச் சேர்த்துவைப்பதில்லை. வெண்கலத்துக்கு இந்தச் சோதனை செய்கிறார்கள் என்றால், வார்க்கும்போது உள்ளே வைத்த மண் கருவுக்குத்தான் செய்கிறார்கள். உருக்கிய உலோகத்தின் சூட்டில் அந்த மண்ணும் வெந்திருக்கும். ஆகவே அதன் வயது வார்ப்பின் வயது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சிறிய கிரேக்க வெண்கலக் குதிரை இதற்கு நல்ல சாட்சி. 1923இல் வாங்கியது. உடலைச் சுற்றி ஓடிய ஒரு கோடு பிற்கால வார்ப்பு முறையின் தழும்பு என்று கருதி, 1967இல் அருங்காட்சியகமே அதைப் போலி என்று அறிவித்தது. உள்ளே கரு மண் மிச்சம் இருந்ததால் தெர்மோலூமினசென்ஸ் பார்க்க முடிந்தது. ஆனால் ஆராயும் ஆர்வத்தில் ஏற்கெனவே காமாக் கதிர்ப் படம் எடுத்திருந்தார்கள். மண்ணின் கணக்கு குழம்பிப்போயிருந்தது. கடைசியில் அந்த மண்ணிலிருந்த சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளைத் தனித்தனியே பொறுக்கி அளந்தார்கள். சிர்கானுக்குள்ளேயே யுரேனியம் அதிகம் என்பதால், அது தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட கதிர்வீச்சோடு ஒப்பிட்டால், படமெடுத்தபோது ஏறியது சொற்பம். வந்த விடை 2000 முதல் 4000 ஆண்டுகள். போலி என்ற பட்டம் போயிற்று. எந்த நூற்றாண்டு என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் ஊர் உற்சவ மூர்த்திகள் இதிலிருந்து வேறுபட்டவை. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடம் முழுவதும் உலோகத்தை ஊற்றுவார்கள். கையளவு சிலை என்றாலும் கனக்கும். உள்ளே மண்ணே கிடையாது. பீடத்தின் அடிக்குழியில் வார்ப்பு மண் கொஞ்சம் ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். அப்போதும் அது வார்ப்பில் வெந்த மண்ணா, பிறகு புதைந்து கிடந்தபோது ஒட்டியதா, வியாபாரி அப்பியதா என்று பார்த்த பிறகுதான் மேலே பேச முடியும். ஆகவே 'சோழர் கால அம்மன், தெர்மோலூமினசென்ஸ் சான்றிதழுடன்' என்று யாராவது தந்தால், 'எந்த மண்ணை எடுத்தீர்கள்?' என்று கேளுங்கள்.

உங்களிடம் இருக்கும் தாள் எக்ஸ்ரே ஃபுளோரசன்ஸ் கருவியினுடையது. நகைக்கடையில் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் பெட்டியும் இதே வகைதான். எக்ஸ்ரே பட்டவுடன் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும். அதை எண்ணி, எது எவ்வளவு என்று சொல்லும். கீறல் இல்லை, ஒரு நிமிட வேலை. ஆனால் அதில் வயது எதுவும் இல்லை. செம்புக்கு 11ஆம் நூற்றாண்டும் தெரியாது, 21ஆம் நூற்றாண்டும் தெரியாது.

அது பார்ப்பதும் மேல்தோலை மட்டும்தான். செம்பிலிருந்து திரும்பும் கதிர் சில பத்து மைக்ரான் ஆழத்திலிருந்துதான் வெளியே வர முடியும். பழைய வெண்கலத்தில் களிம்புப் படலமே அதைவிடத் தடிமனாக இருக்கும். களிம்பு ஏறும்போது செம்பு கரைந்து வெளியேற, வெள்ளீயம் தங்கிவிடுகிறது. உள்ளே 8 சதவீதம் இருக்கும் வெள்ளீயம் மேலே இரு மடங்காகக்கூடத் தெரியலாம். ஈயம் செம்போடு கரையாமல் திட்டுத்திட்டாக நிற்பதால், தோளில் ஒரு எண்ணும் பாதத்தில் வேறு எண்ணும் வரும். அபிஷேகமும் புளி போட்டுத் தேய்ப்பதும் நூற்றாண்டுக்கணக்கில் நடந்த சிலையில் மேல்தோல் இன்னொரு கதை. ஓர் இடத்தில் ஒரே முறை எடுத்த எண்களை வைத்து நான் எதையும் தீர்மானிக்க மாட்டேன். எங்கே வைத்து எடுத்தார்கள், எத்தனை இடத்தில் எடுத்தார்கள், களிம்பை நீக்கிய இடமா என்பதெல்லாம் உங்கள் தாளில் இருக்கிறதா?

இவ்வளவும் சொன்ன பிறகும், அந்த 11 சதவீதத் துத்தநாகம் என்னை உறுத்துகிறது. களிம்பால் வெள்ளீயம் ஏறித் தெரியலாம்; துத்தநாகம் அப்படி ஏறுவதில்லை, குறையத்தான் செய்யும். உள்ளே அதைவிடக் கூடுதலாகவே இருக்க வாய்ப்பு. சோழர் காலச் சிலைகளில் பொதுவாகக் காண்பது செம்பு, வெள்ளீயம், ஈயம் கலந்த வெண்கலம். துத்தநாகம் கணிசமாக வருவது பிற்காலத்தில். இன்று சுவாமிமலையில் செம்போடு பித்தளையும் ஈயமும் சேர்த்து வார்க்கிறார்கள், ஆகவே துத்தநாகம் வந்தே தீரும். ஐம்பொன் என்பதால் தங்கமும் வெள்ளியும் காட்டவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பழைய சிலைகளிலும் அவை பெரும்பாலும் அற்ப அளவில்தான் இருக்கின்றன.

துத்தநாகத்தை வைத்துத் தீர்ப்பு சொன்ன பிரபலமான வழக்கு ஒன்று கலிஃபோர்னியாவில் நடந்தது. ஆங்கிலக் கடலோடி ஃபிரான்சிஸ் டிரேக் 1579இல் அறைந்துவிட்டுப் போனதாகச் சொன்ன பித்தளைத் தகடு 1936இல் கிடைத்தது. அப்போது சோதித்தவர்கள் உண்மையானது என்றார்கள். 1970களில் மறுபடி சோதித்தபோது துத்தநாகம் சுமார் 35 சதவீதம் என்று தெரிந்தது. டிரேக் காலத்து ஐரோப்பாவில் துத்தநாகத் தாதுவைச் செம்போடு சேர்த்துச் சுட்டுத்தான் பித்தளை செய்தார்கள். அந்த முறையில் 30 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. கசடுகளும் அந்தக் காலத்துக்குப் பொருந்தாத அளவு குறைவாக இருந்தன. தகடும் சுத்தியால் அடித்துத் தட்டியதாக இல்லாமல் உருளையில் இழுத்ததாக இருந்தது. மூன்றும் ஒரே திசையில் காட்டியதால் வழக்கு முடிந்தது.

அந்த 30 சதவீத விதியை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. ராஜஸ்தானின் ஜாவரில், ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே துத்தநாகத்தை வாலையில் வடித்துத் தனி உலோகமாக எடுத்தார்கள். நம் சிலைக்கு ஒப்பிட வேண்டியது நம் பகுதியின் காலம் தெரிந்த சிலைகளோடுதான். சாரதா சீனிவாசன் தென்னிந்தியச் சிலைகளை வரிசையாக எடுத்து, உலோகக் கலவையையும் ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தையும் அளந்து, காலவாரியாகப் பிரித்துக் காட்டிய ஆய்வு அந்த வகையில் முக்கியமானது. ஈயம் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதன் அடையாளம் அதன் ஐசோடோப்புகளில் இருக்கும். அதற்கு ஊசிமுனை அளவு உலோகம் துளைத்தெடுத்தாக வேண்டும், கைக்கருவியால் முடியாது.

ஆக, உங்கள் தாளைச் சரியென்று வைத்துக்கொண்டால், அது வியாபாரியின் கூற்றுக்கு ஆதரவாக இல்லை, எதிராக இருக்கிறது. நாயக்கர் காலத்துக்கோ அதற்கும் பிந்திய காலத்துக்கோ உரிய நல்ல சிலையாக இருக்கலாம். போன வருடம் வார்த்ததாகவும் இருக்கலாம். அடுத்த படி, பீடத்தின் அடியில் நகக்கண் அளவு இடத்தில் களிம்பை நீக்கி, மூன்று நான்கு இடங்களில் மறுபடி எடுப்பது. கூடவே நுண்ணோக்கியில் களிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். நூற்றாண்டுகளாக ஏறிய களிம்பு உலோக மணிகளின் இடுக்குகளில் புகுந்து வேரோடியிருக்கும். அமிலம் தடவி வரவழைத்தது மேலே உட்கார்ந்திருக்கும், சுரண்டினால் அடியில் பளபளவென்று உலோகம் தெரியும். சுத்தமாக இருப்பதாலேயே புதிது என்றும் முடிவுகட்டக் கூடாது. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வகம் 1930களிலேயே மின்பகுப்பால் வெண்கலங்களின் களிம்பை நீக்கிச் சிலைகளைக் காப்பாற்றியது. அப்படிச் சுத்தம் செய்த உண்மையான சோழச் சிலையில் தேடக் களிம்பே இருக்காது.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு ஆய்வகம் வேண்டாம். உங்கள் ஊரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம் 2007இல் ஓர் உமா பரமேஸ்வரி சிலையை வாங்கியது. உண்மையான 11ஆம் நூற்றாண்டுச் சிலை. எந்தக் கருவியும் அதில் குறை கண்டிருக்காது. ஆனால் அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போனது. 2015இல் இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதே கோயிலின் நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014இல் திரும்பினார். அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். உங்கள் அம்மனின் முன், பின், பீடப் படங்களை அங்கே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வியாபாரியிடம் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான தாளையும் கேளுங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. அது 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பும் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். புதுச் சிலை என்றால், 'இது தொல்பொருள் இல்லை' என்று தொல்லியல் துறை கொடுத்த சான்றிதழோடு போகும். அவர் அந்தச் சான்றிதழை நீட்டினால், தன் சிலை சோழர் காலம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகிறது, அல்லது அந்தச் சான்றிதழே பொய் சொல்லி வாங்கியது. எதையுமே நீட்டவில்லை என்றால், சிலை பழையதோ புதியதோ, நீங்கள் முன்பணம் கொடுக்கக் கூடாது. எக்ஸ்ரே தாளின் பிரதி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விசாரணை என்று யாராவது வந்தால் உதவும்.